சின்ன சமையல் சேனல், பக்கத்து ஊர் செக்கு எண்ணெய்: ஸ்பான்சர் கேட்டு மெயில் எழுதறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விங்க

அக்கா, எனக்கு வீடியோவுக்கு ஆயிரம் ஆயிரத்து ஐநூறு வியூஸ்தான் வருது. இதுக்கெல்லாம் ஒரு கம்பெனி காசு குடுக்குமா?

பெரிய கம்பெனி குடுக்காது, அவங்களுக்கு எழுதி நேரத்த வீணாக்காதீங்க. ஆனா கேரளா-தமிழ்நாடு எல்லையில இருக்கற நம்ம கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு செக்கு இருக்குன்னு வெச்சுக்கோங்க, அவங்க எண்ணெய் போறதே பாலக்காடு, பொள்ளாச்சி, கோயமுத்தூர் மூணு ஊருக்குள்ளதான். எண்ணெய் டின்ன கூரியர்ல சென்னைக்கு அனுப்பினா எண்ணெய் விலையில பாதி கூரியருக்கே போயிரும், வழியில மூடி கழண்டு ஒழுகினா அந்தத் தலைவலி வேற. அப்ப லட்சம் வியூஸ் இருக்கற சென்னைக்காரங்க சேனலால அந்த செக்குக்கு ஒரு புண்ணியமும் இல்ல. உங்களோட ஆயிரத்து ஐநூறுல எழுநூறு பேர் இந்த மூணு ஊருக்காரங்களா இருந்தா அதுதான் அவருக்கு வேண்டிய கூட்டம்.

எனக்கு 4,600 சப்ஸ்கிரைபர். வீட்டுக்காரர்தான் கேமரா பிடிப்பார். போன தீபாவளிக்கு ஒரு செக்குக்கிட்ட 3,000 ரூபாயும் அஞ்சு லிட்டர் எண்ணெயும் வாங்கி ஒரு வீடியோ பண்ணினேன். அது ஒண்ண வெச்சுதான் கீழ எல்லாத்தையும் சொல்றேன், ஏன்னா எனக்கு முழுசா தெரிஞ்சது அதுதான்.

எந்த பிராண்டுக்கு எழுதறதுன்னே தெரியல. மசாலா, நெய், பாத்திரம், எண்ணெய்னு எல்லாத்துக்கும் அனுப்பலாமா?

நானும் முதல்ல அப்படித்தான் பண்ணினேன், முப்பத்திரண்டு பேருக்கு ஒரே மெயில். அதுல ஒருத்தர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு, "எங்க கம்பெனி பேர் இது இல்லீங்களே"ன்னு. ஒரு மசாலாக்காரங்க பேர மாத்தாமயே நெய்க்காரங்களுக்கு அனுப்பிட்டேன். அந்த மானக்கேடு போதும்.

இப்ப என் வழி வேற. என் வீடியோக்கு கீழ வர கமெண்ட்ட எல்லாம் உக்காந்து படிச்சேன், ஜனங்க திரும்பத் திரும்ப என்ன கேக்கறாங்கன்னு பாக்க. உளுந்து வடை வீடியோல பதினேழு பேர் ஒரே விஷயத்தக் கேட்டிருந்தாங்க. செக்குல ஆட்டின கடலெண்ணெய் வாங்கினோம், பலகாரம் போட்டா நுரையா பொங்கி வாணலிய விட்டு வழிஞ்சு அடுப்பெல்லாம் எண்ணெய், இது கலப்படமா, ஏமாத்திட்டாங்களான்னு.

அது கலப்படம் இல்ல. ரீஃபைண்டு எண்ணெய்ல பிசின் மாதிரி இருக்கற சத்த எல்லாம் மில்லுல பிரிச்சு எடுத்துடுவாங்க, செக்கு எண்ணெய்ல அது அப்படியே இருக்கும். மாவுல இருக்கற தண்ணி சூட்டுல ஆவியா வரப்ப அந்தப் பிசின் அத பிடிச்சு வெச்சு நுரையாக்குது. பாட்டி காலத்துல கொட்ட இல்லாத புளிய சின்ன கோலி அளவு உருட்டி, எண்ணெய் காஞ்சதும் போட்டு, அது கறுத்ததும் எடுத்துருவாங்க, நுரை நல்லா அடங்கும். வாணலிய பாதிக்கு மேல ரொப்பாம, நாலு நாலா போட்டு எடுத்தா மிச்சமும் சமாளிச்சுரலாம்.

அந்தக் கமெண்ட்ட எல்லாம் படிச்சதும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. என்கிட்டயே பதினேழு பேர் கேட்டா அந்த செக்குக்காரர்கிட்ட எத்தனை பேர் டின்ன தூக்கிட்டு வந்து சண்ட போட்டிருப்பாங்க? அவரோட அந்தக் கஷ்டத்துக்கு என்கிட்ட மருந்து இருக்கு. மெயில் எழுத இதவிட நல்ல காரணம் கிடைக்காது. நீங்களும் அப்படி ஒண்ணத் தேடுங்க: அவங்க பொருள வாங்கினவங்க வீட்டு அடுப்பங்கரையில எங்க மாட்டிக்கிறாங்கன்னு. மட்டை அரிசி வேகவே மாட்டேங்குது, கருப்பட்டில மண்ணு வருது, ராகி மாவு கசக்குது, இப்படி எதாவது இருக்கும்.

இன்னொண்ணு, எந்தப் பொருளச் சொல்றதுங்கறதும் முக்கியம். இங்க செக்குல தேங்காயெண்ணெய், அதான் வெளிச்செண்ணெய், தானா வித்துரும், ஓணத்துக்கு உப்பேரி வறுக்க வரிசைல நின்னு வாங்குவாங்க. கடலெண்ணெய்தான் இந்தப் பக்கம் மெதுவா போறது. அத வாங்கறவங்க எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி கோயமுத்தூர்ல. என் வீடியோ பாக்கறவங்களும் அங்கதான். அதனால தேங்காயெண்ணெய் பேச்சே எடுக்காம கடலெண்ணெய்க்குத்தான் கேட்டேன்.

மெயில் ஐடி எங்க கிடைக்கும்? வெப்சைட்டே இல்ல அவங்களுக்கு.

பாட்டில திருப்பிப் பாருங்க. பாக்கெட் பண்ணி விக்கற பொருள்ல புகார் சொல்ல போன் நம்பரும் மெயிலும் அச்சடிக்கணும்னு 2011 எடையளவு சட்ட விதியே இருக்கு, பொடி எழுத்துல கீழ இருக்கும். அப்படியே 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் இருக்கான்னு பாத்துக்கோங்க. அது இல்லாத பொருளுக்கு நான் எழுத மாட்டேன், நாளைக்கு யாருக்காவது வயிறு கெட்டுதுன்னா நம்ம மூஞ்சிதான் வீடியோல இருக்கும்.

ஆறு கிலோமீட்டர்ல இருக்கற செக்குக்கு மெயிலா? வண்டி எடுத்துட்டு நேர்ல போனா முடியாதா?

போனேன். மெயில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய் நின்னேன். அந்த அண்ணா நல்ல மனுஷன், உக்காருங்கன்னு டீ வாங்கிக் குடுத்தார், "சேனலா, நல்லா வரட்டும்மா"ன்னு அரை லிட்டர் எண்ணெய கையில குடுத்து அனுப்பிட்டார். நேர்ல முகத்தப் பாத்து காசு பேச அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். கடையில ஆளுங்க வேற நின்னுட்டிருந்தாங்க.

மெயில்னா அவர் ராத்திரி மகன்கிட்ட காட்டுவார், மகன் வீடியோ லிங்க்க அழுத்திப் பாப்பான், கணக்கு பாக்கறவர்கிட்ட கேப்பாங்க. இந்த ஊர்ல முடிவு அப்படித்தான் எடுப்பாங்க, ஒருத்தர் மட்டும் எடுக்கறதில்ல. அதுக்கு எழுத்துல ஒண்ணு இருக்கணும். நேர்ல போறது அதுக்கு அப்புறம், மெயில் போய் பத்து நாள் கழிச்சு.

சரி, நீங்க எழுதின மெயில அப்படியே போடுங்க, பாத்துக்கறோம்.

முதல்ல முப்பத்திரண்டு பேருக்குப் போன மெயில் எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லிடறேன்: "மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, நாங்கள் வேகமாக வளர்ந்து வரும் சமையல் சேனல், தங்களுடன் இணைந்து பயணிக்க ஆவலாக உள்ளோம்." இப்ப படிச்சா எனக்கே சிரிப்பு வருது, யார் எழுதினது, என்ன வேணும், எவ்வளவு, எதுவுமே அதுல இல்ல. கூடவே எட்டு பக்க பிடிஎஃப் வேற.

செக்குக்குப் போனது இது.

சப்ஜெக்ட்: கடலெண்ணெய் நுரை பொங்குறது பத்தி தீபாவளி வீடியோ

"வணக்கங்க ஐயா,

நான் கொழிஞ்சாம்பாறைல இருந்து எழுதறேன். யூட்யூப்ல வீட்டுச் சமையல் சேனல் வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா உங்க செக்குலதான் கடலெண்ணெய் வாங்கறோம்.

போன மாசம் வடை வீடியோ போட்டப்ப பதினேழு பேர் ஒரே கேள்வி கேட்டாங்க, செக்கெண்ணெய் நுரை பொங்குதே, கலப்படமான்னு. உங்க கடைலயும் இந்தக் கேள்வி வரும்னு நெனைக்கறேன். அந்தக் கமெண்ட்ஸ் கீழ படமா வெச்சிருக்கேன்.

தீபாவளிக்கு மூணு வாரம் முந்தி உங்க எண்ணெய்ல முறுக்கு சுட்டு, நுரை ஏன் வருது, எப்படி அடக்கறதுன்னு ஏழு நிமிஷ வீடியோ போடலாம்னு இருக்கேன். அதுல இருந்து நாப்பது செகண்ட் துண்டு ஒண்ணு தனியா வெட்டித் தரேன், யாராவது நுரைன்னு கேட்டா நீங்க வாட்ஸப்ல அனுப்பிடலாம். அத ஒரு வருஷத்துக்கு நீங்க எங்க வேணா போட்டுக்கலாம்.

என் சேனல் சின்னது. ஒரு வீடியோவ முதல் மாசத்துல சுமார் 1,500 தடவ பாக்கறாங்க. பாதிக்கு மேல கோயமுத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு ஆளுங்க. வடை வீடியோ லிங்க் கீழ இருக்கு.

இதுக்கு 3,000 ரூபாயும் அஞ்சு லிட்டர் கடலெண்ணெயும் கேக்கறேன். வீடியோல விளம்பரம்னு போட்டுத்தான் போடுவேன்.

பேசலாம்னா சரின்னு ஒரு வார்த்தை அனுப்புங்க, நானே கூப்பிடறேன். வேண்டாம்னாலும் பரவால்லீங்க, எண்ணெய் வாங்க எப்பவும் போல வருவேன்."

கீழ என் பேர், போன் நம்பர், அதுக்கும் அடியில மலையாளத்துல அஞ்சு வரி. அவ்வளவுதான். அட்டாச்மெண்ட் கிடையாது, படம் ஒண்ணு மெயிலுக்குள்ளயே, முழு யூட்யூப் லிங்க் ஒண்ணு. லிங்க்க சுருக்கித் தர சைட் எல்லாம் வேண்டாம், தெரியாத ஆள்கிட்ட இருந்து சுருக்கின லிங்க் வந்தா ஸ்பேம்ல போய் விழ வாய்ப்பு அதிகம், விழலேன்னாலும் மனுஷன் அழுத்த பயப்படுவான்.

தமிழ்ல எழுதினா கேவலமா நெனைக்க மாட்டாங்களா? இங்கிலீஷ்ல எழுதணுமா, இல்ல கேரளான்னா மலையாளமா?

இது எங்க ஊர்ப்பக்கம் உண்மையாவே ஒரு சிக்கல். அந்த அண்ணா வீட்ல பேசறது தமிழ், படிச்சது மலையாளம் மீடியம், பாட்டில் லேபிள் மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் பேசுவார், ஆனா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இது எனக்கு முன்னாடியே தெரியும், ஏன்னா நேர்ல போனப்ப ரசீத மலையாளத்துலதான் எழுதினார். அதனால மேல தமிழ்லயும், அடியில அஞ்சு வரி மலையாளத்துலயும் போட்டேன், பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. என்ன வீடியோ, எவ்வளவு காசு, யாரு, போன் நம்பர், அவ்வளவுதான் அதுல.

பொள்ளாச்சிக்காரங்களுக்குன்னா தமிழ் மட்டும் போதும். இங்கிலீஷ் மெயில்னா சின்னக் கடைக்காரங்க அது எதோ பேங்க் லோன் விளம்பரம்னு நெனைச்சு தள்ளிவிட்டுருவாங்க.

சப்ஜெக்ட்ல "ஸ்பான்சர்ஷிப்", "கொலாபரேஷன்"னு போடாதீங்க. போன்ல சப்ஜெக்ட்டோட முதல் நாலஞ்சு வார்த்தைதான் தெரியும். "கடலெண்ணெய் நுரை"ன்னு பாத்தா அவர் புகார்னு நெனைச்சாவது திறப்பார். (மகன் அப்புறம் சொன்னான், அப்பா உண்மையிலயே புகார்னு நெனைச்சு பயந்துதான் திறந்தாராம்.)

வியூஸ் கம்மின்னு நாமே ஏன் சொல்லணும்? ஒரு வீடியோ பதினொண்ணாயிரம் போச்சு, அதச் சொன்னா ஆகாதா?

சொல்லலாம், அப்புறம் ஸ்பான்சர் வீடியோ ஆயிரத்து ஐநூறுல நிக்கறப்ப அவர் முகத்த எப்படிப் பாப்பீங்க? அடுத்த வாரம் எண்ணெய் வாங்க அதே கடைக்குத்தான் போகணும்.

என்னோட கடைசி பத்து வீடியோ, முதல் முப்பது நாள்ல வந்த வியூஸ் இது: 940, 1,120, 1,210, 1,380, 1,460, 1,540, 1,690, 1,900, 2,300, 11,400. சராசரி போட்டா 2,494 வருது, ஆனா பத்துல ஒம்பது வீடியோ அந்த நம்பர எட்டவே இல்ல. அந்த ஒரே ஒரு பிரியாணி வீடியோதான் தூக்கிக் காட்டுது. அதனால சின்னதுல இருந்து பெரிசு வரிசையா எழுதி, நடுவுல இருக்கற ரெண்டு நம்பரப் பாருங்க, 1,460, 1,540. நடுவாந்திரம் 1,500. அதத்தான் மெயில்ல எழுதினேன். கடைசியில வீடியோ முப்பது நாள்ல 1,730 போச்சு, அந்த அண்ணாவுக்கு சந்தோஷம். 2,500ன்னு எழுதியிருந்தா அதே 1,730 தோல்வியா தெரிஞ்சிருக்கும்.

ஊர்க்கணக்கு யூட்யூப் ஸ்டூடியோல அட்வான்ஸ்டு மோட்ல நகரம் வாரியா கொஞ்சம் காட்டும், வியூஸ் கம்மியா இருந்தா பாதி ஊர் காட்டவே காட்டாது. நான் சேனல்லயே ஒரு ஓட்டெடுப்பு வெச்சேன், எந்த ஊர்ல இருந்து பாக்கறீங்கன்னு. 212 பேர் ஓட்டு போட்டாங்க, 118 பேர் இந்த மூணு ஊரு. அந்த ஸ்க்ரீன்ஷாட்ட கையில வெச்சிருந்தேன், கேட்டப்ப காட்டினேன்.

இன்னொரு நம்பரும் எடுத்து வெச்சுக்கோங்க. ஒவ்வொரு வீடியோக்கும் எந்த நிமிஷத்துல எத்தனை சதவீதம் பேர் இன்னும் பாத்துட்டிருக்காங்கன்னு ஒரு கோடு காட்டும். என் வடை வீடியோல எண்ணெய் ஊத்தற இடம் ரெண்டாவது நிமிஷம், அங்க 46 சதவீதம். 1,500ல கிட்டத்தட்ட 690. கடைசி நிமிஷத்துல அது 20க்கு கீழ போயிருது. அதனால பிராண்டு பேர கடைசில "இந்த வீடியோவ வழங்கியவர்"னு சொல்றது வீண், எண்ணெய வாணலில ஊத்தறப்பவே பாட்டில் கையில இருக்கணும்.

எவ்வளவு கேக்கறதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?

நம்ம உழைப்ப வெச்சு முதல்ல கணக்கு போடாதீங்க, அவங்க பக்கம் உக்காந்து போடுங்க. அந்த அண்ணா பேச்சுவாக்குல சொன்னார், லிட்டருக்கு எல்லாம் போக நாப்பது ரூபா நிக்கும்னு. 3,000 ரூபாய எடுக்க 75 லிட்டர் விக்கணும். என் ஒரு வீடியோவால 75 லிட்டர் போகாது, எனக்கே தெரியும். ஆனா எண்ணெய் மாசாமாசம் வாங்கற பொருள். ஒரு குடும்பம் மாசம் ரெண்டு லிட்டர் வாங்கினா வருஷம் 24 லிட்டர், 960 ரூபா லாபம். நாலு குடும்பம் ஒரு வருஷம் நின்னா 3,840. ஆக "எழுபத்தஞ்சு லிட்டர் வித்துத் தரேன்"னு நான் சொல்லவே இல்ல, "நாலு வீடு நிலைச்சா உங்க காசு வந்துருங்க"ன்னு போன்ல சொன்னேன். அவர் மனசுல கணக்கு போட்டுப் பாத்துட்டு, சரிம்மான்னுட்டார்.

இதே கணக்க ஒரு மண்சட்டிக் கடைக்குப் போடுங்க, தேறாது. சட்டி ஒருதடவ வாங்கினா அஞ்சு வருஷம் வரும். அங்க காசு கம்மியா கேக்கணும், இல்ல கேக்கவே கூடாது.

முதல் மெயில்லயே விலை எழுதலாமான்னு நெறைய பேர் கேப்பாங்க. பெரிய கம்பெனிக்கு எழுதக்கூடாதும்பாங்க, எனக்கு அது தெரியாது. சின்னக் கடைக்கு எழுதணும்னுதான் நான் சொல்வேன். யூட்யூப் விளம்பரம்னாலே அவங்க காதுல விழுந்தது லட்சக்கணக்கு. மூவாயிரம்னு பாத்ததும்தான் அவங்க மூச்சு விடுவாங்க, கோயில் திருவிழா நோட்டீஸ்ல பேர் போடறதுக்குக் குடுக்கற மாதிரி ஒரு தொகைன்னு புரியும்.

ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்ல. திரும்பத் திரும்ப அனுப்பலாமா?

ஒரே ஒரு தடவ. ஏழாவது நாள், அதே மெயிலுக்கு பதிலா ரெண்டு வரி: "ஐயா, போன வாரம் எழுதியிருந்தேன். முறுக்கு வீடியோ இந்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள எடுக்கணும், அதுக்குள்ள சொன்னீங்கன்னா நல்லாருக்கும்." அதுக்கப்புறம் மூணு நாள் விட்டு நேர்ல போனேன், எண்ணெய் வாங்கப் போற மாதிரிதான். "மெயில் வந்துச்சும்மா, பையன் பாத்துட்டிருக்கான்"னார். அன்னைக்கு ராத்திரியே மகன் கூப்பிட்டான்.

காலம் தப்பாதீங்க. தீபாவளி வீடியோக்கு நான் மெயில் அனுப்பினது ஏழு வாரம் முன்னாடி. இத தீபாவளிக்கு பத்து நாள் இருக்கறப்ப அனுப்பினா அவங்க ராவும் பகலும் ஆட்டிட்டிருப்பாங்க, மெயில யார் பாக்கறது. கேரளா பக்கத்துக் கடைன்னா ஓணம் ரெண்டு வாரமும் அதே கதைதான்.

"எண்ணெய் மட்டும் தரோம், காசு இல்ல"ன்னு சொன்னா?

நீங்க அந்த எண்ணெய எப்படியும் வாங்கறவங்களா இருந்தா முதல் தடவைக்கு ஒத்துக்கலாம். ஆனா வேலையக் குறைச்சுக்கோங்க: வீடியோல காட்டறேன், தனியா துண்டு வெட்டித் தர மாட்டேன்னு பதமா சொல்லிடுங்க. அந்தத் துண்டுதான் அவங்களுக்கு வருஷம் பூரா உழைக்கற சரக்கு, அத சும்மா குடுத்துட்டா அடுத்த தடவ காசு கேக்க உங்க கையில ஒண்ணும் இருக்காது. அப்புறம், சும்மா வந்த எண்ணெய்னாலும் விளம்பரம்னு சொல்லித்தான் ஆகணும், காசு வாங்கலயேன்னு மறைக்கக்கூடாது.

வீடியோல விளம்பரம்னு எங்க, எப்படிப் போடறது?

யூட்யூப் ஸ்டூடியோல வீடியோ விவரத்துல `Show more` அழுத்தினா `Paid promotion`னு ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணுங்க. வீடியோ ஆரம்பத்துல பத்து செகண்ட் ஒரு வரி காட்டும். அது மட்டும் பத்தாது. விளம்பரத் தர கவுன்சில், ஆஸ்கின்னு சொல்வாங்க, 2021ல இருந்து விதி வெச்சிருக்காங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போற வீடியோல பிராண்டப் பத்திப் பேசற பகுதி முழுக்க அந்த எழுத்து திரையில நிக்கணும். நான் மூலையில "விளம்பரம்"னு தமிழ்லயே போட்டேன், வீடியோ பேசற மொழியில போடலாம். நாப்பது செகண்ட் துண்டுலயும் மறக்காம போடுங்க, அது தனியா வாட்ஸப்ல சுத்தும்.

பாக்கறவங்க கோவிச்சுக்குவாங்களோன்னு பயந்தேன். ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல, "நம்மூர் செக்கா, எங்க இருக்கு"ன்னுதான் கேட்டாங்க.

அவங்க "இந்த எண்ணெய் சாப்ட்டா கொலஸ்ட்ரால் குறையும், ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லுங்க"ங்கறாங்க. என்ன பண்ண?

சொல்லாதீங்க. என்கிட்டயும் மகன் கேட்டான், பாவம், எல்லா செக்கெண்ணெய் வீடியோலயும் அதத்தான சொல்றாங்க. உணவுப் பொருள் நோயத் தீர்க்கும்னோ தடுக்கும்னோ விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 விதியில இருக்கு. 2019 நுகர்வோர் சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு பத்து லட்சம் வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு, அது கம்பெனிக்கு மட்டும் இல்ல, அத வாயால சொன்ன ஆளுக்கும்தான். மூவாயிரம் வாங்கிட்டு அந்த ரிஸ்க் எதுக்குங்க?

நான் மகன்கிட்ட சொன்னது: தம்பி, நான் கண்ணால பாத்தத மட்டும் சொல்றேன். வாசனை எப்படி இருக்கு, முறுக்கு எவ்வளவு எண்ணெய் குடிச்சுது, நுரை எப்ப அடங்குச்சு. ஆனா நுரைய மறைக்க மாட்டேன், பொங்கறத அப்படியே காட்டிட்டுத்தான் புளிய போடுவேன். அதுக்கு அவங்க அப்பா ரொம்ப யோசிச்சார். நம்ம எண்ணெய் பொங்கறத நாமளே காட்டறதான்னு. "வாங்கறவங்க எப்படியும் வீட்ல பாக்கத்தானங்க போறாங்க"ன்னேன். அப்புறம்தான் சரின்னார். அந்த நுரை பொங்கற காட்சிதான் வீடியோலயே ஜனங்க திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்த இடம், எத்தனை சதவீதம் பேர் பாக்கறாங்கன்னு காட்டற அந்தக் கோடு அங்க மட்டும் மேல ஏறி நிக்குது.

நம்ம வீடியோ பாத்துதான் வாங்கினாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

வெப்சைட் இருக்கறவங்களுக்கு கூப்பன் கோடு அது இதுன்னு இருக்கு. செக்குக்கு வாட்ஸப் ஒண்ணுதான். அதுலயே வழி இருக்கு, வீடியோ கீழ இப்படி ஒரு லிங்க் போடுங்க:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MURUKKU
```

எக்ஸ் இருக்கற இடத்துல அவங்க பத்து இலக்க நம்பர், முன்னாடி 91, ப்ளஸ் குறி வேண்டாம். யாராவது அழுத்தினா வாட்ஸப் திறந்து மெசேஜ் பெட்டில முறுக்குங்கற வார்த்தை தானா நிக்கும், அனுப்பினா போதும். மகன் அந்த வார்த்தையத் தேடினா எத்தனை பேர்னு தெரிஞ்சுரும். போடறதுக்கு முன்னாடி உங்க போன்லயே ஒரு தடவ அழுத்திப் பாருங்க, நான் முதல்ல ஒரு இலக்கம் மாத்திப் போட்டு யாரோ பாவம் ஒருத்தருக்கு அர மணி நேரம் முறுக்கு முறுக்குன்னு மெசேஜ் போயிருக்கு.

எங்களுக்கு வந்தது 23 மெசேஜ். 14 பேர் வாங்கினாங்க, மூணு மாசம் கழிச்சு கேட்டப்ப அஞ்சு வீடு மாசாமாசம் வாங்கிட்டிருக்காங்கன்னாங்க. லிங்க் அழுத்தாம பொள்ளாச்சி கடையில நேரா வாங்கினவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்க, அத நான் சேத்துச் சொல்லவும் இல்ல.

காசு எப்ப வாங்கறது? ஜிஎஸ்டி, பில்லு எல்லாம் வேணுமா?

பாதி ஷூட்டிங் அன்னைக்கு, பாதி வீடியோ போட்ட அன்னைக்கு, ரெண்டும் யூபிஐல. என்ன வேலை, எவ்வளவு, தேதி போட்டு ஒரு பேப்பர்ல ரசீது எழுதிக் குடுத்தேன், அவங்க கணக்குக்கு வேணும்ல. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் நமக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், நீங்க பாலக்காட்டுல இருந்து கோயமுத்தூர் கடைக்கு, அதாவது வேற மாநிலத்துக்கு, இந்த வேலை பண்ணினாலும் சர்வீஸ்க்கு அதே வரம்புதான். கிடைச்ச காசு வருமானம்தான், வருமான வரிக் கணக்குல காட்டுங்க.

மறுபடியும் அதே செக்குக்கு எழுதினீங்களா?

இந்தத் தடவ அவங்களேதான் கூப்பிட்டாங்க. நல்லெண்ணெய் அடியில மண்டி தங்குதுன்னு வாங்கறவங்க சத்தம் போடறாங்களாம், அதுக்கு ஒரு வீடியோ போடுவீங்களாம்மான்னு கேட்டார் அந்த அண்ணா. 3,500 கேட்டிருக்கேன், மகன் பாத்துட்டிருக்கான்.